ஒரு கட்டி ஐஸுக்கு 6.6 யூனிட்டா, 4 யூனிட்டா?

கேள்வி: நாளுக்கு 50 கிலோ கட்டிகள் 100 எடுக்கும் சிறிய ஐஸ் ஆலை ஒன்றைத் தொடங்கலாம் என்று இருக்கிறேன். பாடப் புத்தகக் கணக்குப்படி ஒரு கட்டி உறைய 6.6 யூனிட் வருகிறது. இயந்திரம் விற்பவரோ கட்டிக்கு 4 யூனிட்தான் ஆகும் என்கிறார். கணக்கில் வருவதைவிடக் குறைந்த மின்சாரத்தில் ஐஸ் எப்படி உறையும்? நாளுக்கு மொத்தம் எத்தனை யூனிட் என்று வைத்துக்கொள்வது? 5 டன் ஐஸுக்கு 5 டன் மெஷின் போதுமா?

பதில்:

இரண்டு எண்களும் சரிதான். ஆனால் இரண்டும் ஒரே பொருளின் அளவுகள் அல்ல. 6.6 யூனிட் என்பது தண்ணீரிலிருந்து வெளியேற்ற வேண்டிய வெப்பம். 4 யூனிட் என்பது அந்த வெப்பத்தை வெளியேற்ற மீட்டரில் ஓடும் மின்சாரம். ஒழுங்காக நடக்கும் ஆலையில் 100 கட்டிக்கு நாளுக்கு ஏறத்தாழ 400 யூனிட் ஆகும். 5 டன் மெஷின் போதாது. 11 டன்னுக்குச் சற்று மேல் வேண்டும். இந்த எண்கள் எங்கிருந்து வருகின்றன என்று பார்த்துவிட்டால், விற்பவர் சொல்வதை நீங்களே சரிபார்க்கலாம். ஆலை ஓடத் தொடங்கிய பிறகு யூனிட் ஏறினால் எங்கே தேடுவது என்பதும் தெரிந்துவிடும்.

முதலில் உங்கள் 6.6. கட்டி உறையும் இரும்புக் கேனில் ஊற்றும் தண்ணீர் 30 டிகிரி என்று வைத்துக்கொள்வோம். 50 கிலோ தண்ணீரை 30 டிகிரியிலிருந்து 0 டிகிரிக்குக் கொண்டுவர 1.75 யூனிட் வெப்பம் வெளியேற வேண்டும். 0 டிகிரித் தண்ணீர் 0 டிகிரி ஐஸாக மாற, கிலோவுக்கு 334 கிலோஜூல் வீதம் 4.64 யூனிட்; ஒரு யூனிட் என்பது 3,600 கிலோஜூல். அந்த ஐஸ் மேலும் குளிர்ந்து மைனஸ் 8 டிகிரியை எட்ட 0.23 யூனிட். மூன்றையும் கூட்டினால் 6.6 வருகிறது.

இதில் கவனிக்க வேண்டியது பங்கீடு. பத்தில் ஏழு பங்கு வெப்பம் உறைதலுக்கே போகிறது. அதை யாராலும் குறைக்க முடியாது. ஆனால் கால் பங்குக்கு மேல், தண்ணீரை 0 டிகிரிக்குக் கொண்டுவருவதில் போகிறது. இது உங்கள் கையில் இருக்கிறது. வெயிலில் காயும் மேல்தொட்டியிலிருந்து 35 டிகிரித் தண்ணீரை ஊற்றினால் ஒவ்வொரு கட்டிக்கும் 0.3 யூனிட் வெப்பம் கூடுதல். 20 டிகிரித் தண்ணீரை ஊற்ற முடிந்தால் 0.6 யூனிட் குறைவு. அதாவது சுமையில் ஏறத்தாழ 9 சதவீதம். உறைந்த கேனைக் கட்டி கழன்று வருவதற்காகச் சாதாரணத் தண்ணீரில் அமிழ்த்துவார்கள். அப்போது அந்தத் தண்ணீர் நன்றாகக் குளிர்ந்துவிடும். அதைச் சுத்தமாக வைத்திருந்து அடுத்த கேன்களை நிரப்பப் பயன்படுத்தினால், இழந்த குளிரில் ஒரு பகுதி திரும்பி வருகிறது. அதைச் சாக்கடையில் விடும் ஆலைகள் நிறைய உண்டு. மனது பொறுக்காத காட்சி அது.

இனி, குறைந்த மின்சாரம் எப்படிப் போதுகிறது என்ற கேள்வி. வெந்நீர் போடும் ஹீட்டர் மின்சாரத்தையே வெப்பமாக மாற்றுகிறது. அங்கே ஒரு யூனிட்டுக்கு ஒரு யூனிட்தான் கிடைக்கும். குளிர்பதன இயந்திரம் எதையும் அப்படி மாற்றுவதில்லை. குளிர்ந்த இடத்தில் இருக்கும் வெப்பத்தை எடுத்துச் சூடான இடத்தில் கொண்டுபோய்க் கொட்டுகிறது. கிணற்றிலிருந்து தண்ணீர் இறைக்கும் மோட்டாரை நினைத்துக்கொள்ளுங்கள். மோட்டார் தண்ணீரை உண்டாக்குவதில்லை, ஏற்றிவிடுகிறது. எவ்வளவு ஆழத்திலிருந்து ஏற்றுகிறது என்பதுதான் மின்சாரத்தைத் தீர்மானிக்கிறது. இங்கே ஆழம் என்பது வெப்பநிலை வித்தியாசம்.

அந்த ஆழத்தைக் கணக்கிடுவோம். கேன்கள் நிற்கும் தொட்டியில் உள்ள உப்புநீர் மைனஸ் 10 டிகிரி. அந்த உப்புநீரைக் குளிர்விக்கும் குழாய்களுக்குள் கொதிக்கும் அமோனியா அதைவிடக் குளிர்ச்சியாக இருந்தால்தான் வெப்பம் உள்ளே பாயும்; 5 டிகிரி இடைவெளி வைத்தால் மைனஸ் 15. மறுபக்கம், கூலிங் டவரிலிருந்து கண்டன்சருக்கு 30 டிகிரியில் வரும் தண்ணீர் 35 டிகிரியாக வெளியேறுகிறது. அமோனியா அதற்கும் மேலே, 40 டிகிரியில் திரவமாகிறது. ஆக, மைனஸ் 15-லிருந்து 40 வரை 55 டிகிரி ஏற்றம். இயற்கை விதி அனுமதிக்கும் உச்ச வரம்பு, கெல்வினில் குளிர்ப்பக்க வெப்பநிலையை இந்த ஏற்றத்தால் வகுத்தால் கிடைக்கும்: 258-ஐ 55-ஆல் வகுக்க 4.7. எந்த மெஷினும் இதைத் தொட முடியாது. அமோனியாச் சுழற்சியின் இயல்பு, அமோனியா ஆவியை அழுத்தும் கம்பிரசரின் உராய்வும் கசிவும், மோட்டாரின் இழப்பு எல்லாம் போக, நல்ல நிலையில் உள்ள சிறிய ஆலையில் ஒரு யூனிட் மின்சாரத்துக்கு 2.5 யூனிட் வெப்பம் ஏற்றப்படும் என்று எடுத்துக்கொள்வது நியாயமான கணக்கு. இதைத்தான் சி.ஓ.பி. என்பார்கள்.

6.6-ஐ 2.5-ஆல் வகுத்தால் 2.6 யூனிட். கட்டி ஒன்றை உறையவைக்கக் கம்பிரசர் எடுக்கும் மின்சாரம் இவ்வளவே. இங்கே எதுவும் மாயமாக மறைந்துவிடவில்லை. கண்டன்சரில் வெளியே கொட்டப்படும் வெப்பத்தைக் கூட்டிப் பாருங்கள்: கட்டியிலிருந்து எடுத்த 6.6 யூனிட்டும், கம்பிரசருக்குக் கொடுத்த மின்சாரத்தில் ஏறத்தாழ முழுவதும் சேர்ந்து 9 யூனிட்டுக்கு மேல் அங்கே வெளியேறுகிறது. கூலிங் டவரை ஐஸின் அளவைவிடப் பெரிய வெப்பத்துக்குத் தேர்ந்தெடுப்பதன் காரணம் இதுதான்.

2.6 எப்படி 4 ஆகிறது என்பதைத்தான் விற்பவர்கள் பெரும்பாலும் விளக்குவதில்லை. கட்டியின் வெப்பத்தோடு வேறு சில வெப்பங்களும் தொட்டிக்குள் வந்து சேருகின்றன. அவற்றையும் அதே கம்பிரசர்தான் ஏற்றி வெளியேற்ற வேண்டும்.

உங்கள் 100 கேன் ஆலையையே எடுத்துக்கொள்வோம். 100 கட்டியின் வெப்பத்தை 24 மணி நேரத்துக்குச் சமமாகப் பரப்பினால் 27.5 கிலோவாட். கேனிலிருந்து கழற்றும்போது கட்டியின் மேற்பரப்பு சற்றுக் கரையும். அதற்கு 4 சதவீதம் ஒதுக்கினால் 1.1 கிலோவாட். சூடேறித் திரும்பும் இரும்புக் கேன்களை மறுபடி குளிர்விக்கக் கால் கிலோவாட். தொட்டியின் சுவர், அடித்தளம், மேலே மூடியிருக்கும் பலகைகள் வழியாக நுழையும் வெப்பம் 2 கிலோவாட் என்று வைக்கலாம். 15 சென்டிமீட்டர் தெர்மோகோல் போட்ட சுவரும் தளமும் உண்மையில் மிகக் குறைவாகவே விடுகின்றன. பெரும்பகுதி மேலே உள்ள மரப் பலகை மூடிகள் வழியாகத்தான் நுழைகிறது. மூடிகள் வளைந்து இடைவெளி விட்டிருந்தால் இந்த எண் எளிதில் இரட்டிப்பாகும்.

அடுத்து வருவது பலர் மறந்துவிடும் ஒன்று. உப்புநீரைச் சுற்றவிடும் அஜிடேட்டர் 1.5 கிலோவாட் இழுக்கிறது என்றால், அந்தச் சக்தி கிட்டத்தட்ட முழுவதும் கடைசியில் உப்புநீரிலேயே வெப்பமாகத் தங்குகிறது. ஆகவே அதற்கு நீங்கள் இரண்டு முறை செலவழிக்கிறீர்கள்: ஒரு முறை அஜிடேட்டரைச் சுழற்ற, இன்னொரு முறை அது உண்டாக்கிய வெப்பத்தை வெளியேற்ற. தேவைக்கு மேல் பெரிய அஜிடேட்டரைப் போடுவது நல்லது என்று நினைப்பவர்கள் இதை யோசிப்பதில்லை. கம்பிரசருக்குத் திரும்பும் குழாய்கள் உறிஞ்சும் வெப்பத்தையும் சேர்த்தால் மொத்தம் 33 கிலோவாட். நாளுக்கு 792 யூனிட் வெப்பம். 2.5-ஆல் வகுத்தால் கம்பிரசருக்கு 317 யூனிட் மின்சாரம்.

இத்துடன் அஜிடேட்டர் 24 மணி நேரமும் ஓடுவதற்கு 36 யூனிட். கண்டன்சருக்குத் தண்ணீர் தள்ளும் பம்பும் கூலிங் டவர் விசிறியும் கம்பிரசரோடு சேர்ந்து நாளுக்கு 20 மணி நேரம் ஓடினால் 37 யூனிட். கேன் தூக்கும் ஹாய்ஸ்ட், நிரப்பும் பம்பு, விளக்குகள் எல்லாவற்றுக்கும் 10 யூனிட். ஆக 400. கட்டிக்கு 4 யூனிட், டன்னுக்கு 80. விற்பவர் சொன்ன எண் இந்த நிலைமைகளில் நேர்மையானதுதான். கட்டி நடுவில் வெண்மை இல்லாமல் கண்ணாடி போல வேண்டுமென்றால், ஒவ்வொரு கேனுக்குள்ளும் காற்று ஊதும் புளோயர் வேண்டும். அதன் மின்சாரம் இந்தக் கணக்கில் இல்லை.

இப்போது 'டன்' குழப்பம். குளிர்பதனத்தில் ஒரு டன் என்பது எடை அல்ல. வெப்பத்தை எடுக்கும் வேகம், 3.517 கிலோவாட். அந்த அளவே ஐஸிலிருந்து வந்ததுதான். அமெரிக்கக் கணக்கில் ஒரு டன், அதாவது 2,000 பவுண்டு ஐஸ் 24 மணி நேரத்தில் கரையும்போது உறிஞ்சும் வெப்பம் அது. ஆனால் அந்த டன் 907 கிலோதான். மேலும் அந்தக் கணக்கு 0 டிகிரியில் தொடங்கி 0 டிகிரியிலேயே முடிந்துவிடுகிறது. நீங்களோ 1,000 கிலோ டன்னை, 30 டிகிரித் தண்ணீரிலிருந்து தொடங்கி மைனஸ் 8 வரை கொண்டுபோகிறீர்கள். அதனாலேயே ஒரு டன் ஐஸுக்கு 1.57 டன் குளிர்பதனம் தேவைப்படுகிறது; 5 டன் ஐஸுக்கு 7.8. இழப்புகளைச் சேர்த்து, கம்பிரசர் நாளுக்கு 20 மணி நேரம் மட்டுமே ஓட வேண்டும் என்று கொஞ்சம் மிச்சம் வைத்தால் 39.6 கிலோவாட், அதாவது 11.3 டன் வருகிறது. இந்த மெஷின் ஓடும்போது மீட்டரில் சுமார் 16 கிலோவாட் இழுக்கும். 25 குதிரைத்திறன் மோட்டார் பொருத்தமானது. இந்தத் திறனை மைனஸ் 15-க்கும் 40-க்கும் எழுதித்தரச் சொல்லுங்கள். அதே கம்பிரசர் குளிர்சாதன அறை வெப்பநிலையில் இதைவிடப் பல டன் கூடுதலாகக் காட்டும். பட்டியலில் அந்தப் பெரிய எண்ணை அச்சிட்டுவிட்டு அதையே பேசுவது வழக்கம்.

சரி, மெஷின் போதும் என்றாலும் கட்டி நேரத்துக்கு உறையுமா? இது தனிக் கேள்வி. இதற்கு நடைமுறையில் ஒரு சூத்திரம் உண்டு. கேனின் சிறிய பக்கம் எத்தனை சென்டிமீட்டர் என்று அளந்து, அதைத் தன்னாலேயே பெருக்கி, 0.6-ஆல் பெருக்கி, உப்புநீர் பூச்சியத்துக்குக் கீழே எத்தனை டிகிரி என்பதால் வகுக்க வேண்டும். விடை மணியில் கிடைக்கும்.

```
மணி = 0.6 × தடிமன் × தடிமன் ÷ உப்புநீரின் மைனஸ் டிகிரி
    = 0.6 × 19 × 19 ÷ 10
    = ஏறத்தாழ 22
```

50 கிலோ கட்டிக்கு 19 சென்டிமீட்டருக்கு 38 சென்டிமீட்டர் கேன் பொருத்தமானது. 22 மணி நேரத்தில் உறைந்து, எடுத்து, நிரப்பி, மீண்டும் வைக்க 2 மணி நேரம் கிடைக்கிறது. ஆகவே 100 கேன் இருந்தால் நாளுக்கு 100 கட்டி. தடிமன் இருமுறை பெருக்கப்படுவதைக் கவனியுங்கள். ஐஸ் சுவரோரத்திலிருந்து உள்நோக்கி வளர்கிறது. வளர்ந்த ஐஸே அடுத்து உறைய வேண்டிய தண்ணீருக்கும் உப்புநீருக்கும் நடுவே தடையாக நிற்கிறது. முதல் சில மணி நேரம் வேகமாக உறையும் கட்டி, கடைசியில் நடுக்கூட்டை மூட நெடுநேரம் எடுத்துக்கொள்வது இதனால்தான்.

இந்த இடத்தில்தான் எல்லோருக்கும் ஒரு சபலம் வருகிறது. சூத்திரத்தில் மைனஸ் 10-க்குப் பதில் மைனஸ் 15 போட்டால் 22 மணி நேரம் 14 சொச்சமாகக் குறைகிறதே, உப்புநீரை இன்னும் குளிர்வித்தால் கூடுதல் கட்டி எடுக்கலாமே என்று தோன்றும். தாளில் அப்படித்தான் தெரியும். ஆனால் உப்புநீர் மைனஸ் 15 ஆக வேண்டுமானால் அமோனியா மைனஸ் 20-இல் கொதிக்க வேண்டும். அங்கே அதன் ஆவி அடர்த்தி குறைவு. கம்பிரசர் ஒவ்வொரு சுற்றிலும் அதே கனஅளவைத்தான் இழுக்கிறது. உள்ளே வரும் அமோனியாவின் எடை ஐந்தில் ஒரு பங்கு குறைந்துவிடுகிறது. அதாவது மெஷினின் திறன் ஐந்தில் ஒரு பங்குக்குச் சற்று மேலாகவே சரிகிறது, யூனிட்டோ கூடுகிறது. கட்டி வேகமாக உறையத் தயாராக இருந்தாலும் அதன் வெப்பத்தை எடுக்க மெஷினுக்குத் தெம்பு இல்லை. போதாக்குறைக்கு, மிகவும் குளிர்ந்த கட்டியைச் சாதாரணத் தண்ணீரில் அமிழ்த்தும்போது வெடித்து விரிசல் விடும். மைனஸ் 8 முதல் மைனஸ் 10 வரை வைத்துக்கொண்டு, கூடுதல் கட்டி வேண்டுமானால் கூடுதல் கேனும் அதற்கேற்ற மெஷினும் போடுவதுதான் வழி.

கட்டி எடுக்கும் ஒழுங்கும் மின்சாரத்தோடு சம்பந்தப்பட்டது. 10 கேன் கொண்ட ஒரு வரிசையைத் தூக்கி 30 டிகிரித் தண்ணீரோடு திருப்பி வைத்தால், அந்தத் தண்ணீர் 0 டிகிரிக்கு வருவதற்குள் 17 யூனிட்டுக்கு மேல் வெப்பத்தை உப்புநீரில் இறக்குகிறது. இந்த அளவுத் தொட்டியில் 8, 9 ஆயிரம் லிட்டர் உப்புநீர் இருக்கும். அதன் வெப்பநிலையை 2 டிகிரி அளவுக்கு உயர்த்த அது போதும். மெஷின் ஓடிக்கொண்டிருந்தால் அவ்வளவு ஏறாது. ஆனால் காலையில் ஒரே மூச்சில் 60 கட்டி எடுத்துவிட்டு மாலை வரை சும்மா இருந்தால், உப்புநீர் பூச்சியத்தை நெருங்கிவிடும். பாதி உறைந்த பக்கத்துக் கேன்களும் நின்றுபோகும். இரண்டரை மணி நேரத்துக்கு ஒரு வரிசை என்று இரவும் பகலும் பரப்பி எடுப்பதே இந்த வகை ஆலைக்கு உகந்தது.

விற்பனை குறையும் நாட்களுக்கு ஒரு கணக்குப் போட்டு வைத்துக்கொள்ளுங்கள். 50 கட்டி மட்டுமே எடுத்தால் 200 யூனிட் ஆகும் என்று எதிர்பார்ப்பது இயல்பு. ஆகாது. கட்டியோடு வரும் வெப்பம்தான், கழற்றும்போது கரைவதும் கேன்களின் சூடும் சேர்த்து, பாதியாகிறது: 692-லிருந்து 346. தொட்டிச் சுவர், மூடி, அஜிடேட்டர், குழாய் வழியாக வரும் 100 யூனிட் வெப்பம் அப்படியே நிற்கிறது. 446-ஐ 2.5-ஆல் வகுக்க 178, அஜிடேட்டர் 36, பம்பும் விசிறியும் பதினொன்றேகால் மணி நேரத்துக்கு 21, மற்றவை 7. மொத்தம் 242. கட்டிக்கு 4 யூனிட் இருந்த இடத்தில் 4.8 ஆகிவிடுகிறது. உங்கள் ஆலையின் நிலைச் சுமை உண்மையில் எவ்வளவு என்று அறிய எளிய சோதனை ஒன்று உண்டு. எல்லாக் கட்டியும் முழுவதும் உறைந்த பிறகு, எதையும் எடுக்காமல் ஒரு நாள் முழுக்க உப்புநீரை மைனஸ் 10-இல் மட்டும் வைத்திருங்கள். அன்றைய மீட்டர் அளவு இந்த ஆலைக்கு 80 யூனிட்டை ஒட்டி இருக்க வேண்டும். 130, 140 என்று வந்தால் மூடிகளையும் நனைந்துபோன தெர்மோகோலையும் பாருங்கள். ஈரம் ஊறிய காப்பு காப்பே அல்ல.

இனி, ஆலை பழசாகும்போது நடப்பது. இதற்கு நீங்கள் பார்க்க வேண்டியவை, கம்பிரசருக்குள் நுழையும் அமோனியாவின் அழுத்தத்தையும் அதிலிருந்து வெளியேறும் அழுத்தத்தையும் காட்டும் இரண்டு கேஜ்களும், உப்புநீருக்கான ஒரு அடர்த்திமானியும்தான். நல்ல நிலையில் சக்‌ஷன் கேஜ் 20 பி.எஸ்.ஐ. அளவில் நிற்கும், அது அமோனியாவுக்கு மைனஸ் 15 டிகிரி. டிஸ்சார்ஜ் பக்கத்து ஹெட் பிரஷர் 210 அளவில் நிற்கும். அது 40 டிகிரி. சில மாதங்கள் கழித்து அதே ஆலையில் ஒன்று 13-க்கு இறங்கி, மற்றது 245-க்கு ஏறியிருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். உப்புநீர் அதே மைனஸ் 10, மோட்டார் ஓடுகிறது, சத்தத்தில்கூட வித்தியாசம் இல்லை. ஆனால் அமோனியா இப்போது மைனஸ் 20-இல் கொதித்து 45-இல் திரவமாகிறது. ஏற்றம் 55-லிருந்து 65 டிகிரி ஆகிவிட்டது. யூனிட்டுக்கு 2.5 ஏற்றிய மெஷின் இனி 2 அளவில்தான் ஏற்றும். திறனும் 39.6-லிருந்து 30 கிலோவாட்டுக்கு இறங்கியிருக்கும். 24 மணி நேரமும் நிறுத்தாமல் ஓடினாலும் 720 யூனிட் வெப்பத்தைத்தான் எடுக்க முடியும். நிலைச் சுமை 100 போக மிச்சத்தில் 89 கட்டி உறையும். மின்சாரமோ 450 யூனிட். கட்டிக்கு 5 யூனிட். கட்டி குறைகிறது, யூனிட் ஏறுகிறது. இரண்டும் ஒரே காரணத்தால் நடக்கின்றன. இந்த நிலையில் கம்பிரசர் தேய்ந்துவிட்டது என்று முடிவுகட்டிப் புதியது வாங்கப் போவது அவசரம்.

சக்‌ஷன் இறங்கியதற்கு முதலில் சந்தேகிக்க வேண்டியது உப்புநீரை. கேன்களை வைத்து எடுக்கும்போது நல்ல தண்ணீர் சிந்திச் சிந்தி உப்பு நீர்த்துப்போகும். 20 சதவீதச் சாதா உப்புக் கரைசல் மைனஸ் 16 வரை உறையாது. 15 சதவீதமாக இறங்கினால் மைனஸ் 11-இலேயே உறையத் தொடங்கிவிடும். தொட்டியின் நடுவே எடுத்துப் பார்த்தால் திரவமாகவே இருக்கும். ஆனால் மைனஸ் 15 டிகிரிக் குழாயின் மேல் பனி படர்ந்து சட்டை போட்டது போல மூடிக்கொள்ளும். பிறகு வெப்பம் உள்ளே போக அமோனியா மேலும் குளிர வேண்டியிருக்கிறது, கேஜ் இறங்குகிறது, பனி இன்னும் தடிக்கிறது. அடர்த்திமானியை அறை வெப்பநிலைக்குக் கொண்டுவந்த மாதிரியில் மிதக்கவிடுங்கள். 1.15 இருந்தால் நலம். 1.11 காட்டினால் உப்பு போதாது. உப்பு சரியாக இருந்தும் சக்‌ஷன் இறங்கினால், குழாய்க்குள் எண்ணெய் தங்கியிருக்கலாம். கம்பிரசர் எண்ணெய் அமோனியாவில் கரையாது. அதைவிடக் கனமானதால் அடியில் போய்த் தேங்கி, குழாய்ச் சுவரில் படலமாக ஒட்டும். அதை முறையாக வடித்தெடுக்க வேண்டும். அமோனியா அளவு குறைந்திருந்தாலும் இதே அறிகுறி வரும். திரவ அமோனியா தங்கும் ரிசீவரின் மட்டக் கண்ணாடி அதைக் காட்டிக்கொடுக்கும்.

ஹெட் பிரஷர் ஏறியதற்குக் காரணம் கண்டன்சர் குழாய்களில் படிந்த சுண்ணாம்பாக இருக்கலாம், உள்ளே புகுந்த காற்றாகவும் இருக்கலாம். இரண்டையும் பிரித்தறிய அருமையான ஒரு வழி இருக்கிறது. கம்பிரசரை நிறுத்திவிட்டுக் கண்டன்சர் தண்ணீரை மட்டும் ஓடவிடுங்கள். உள்ளே போகும் தண்ணீரும் வெளியே வரும் தண்ணீரும் ஒரே வெப்பநிலைக்கு வரும்வரை காத்திருங்கள். அது 30 டிகிரி என்றால், உள்ளே இருப்பது சுத்தமான அமோனியாவாக இருக்கும்பட்சத்தில் கேஜ் 154, 155 பி.எஸ்.ஐ. காட்ட வேண்டும். 175 காட்டினால் அந்தக் கூடுதல் 20 காற்றின் அழுத்தம். பழுது பார்க்கத் திறந்தபோது சரியாக வெற்றிடமாக்காமல் விட்டது போன்றவற்றால் நுழைந்த காற்று அது. கண்டன்சரில் அது திரவமாக முடியாமல் இடத்தை அடைத்துக்கொண்டு நிற்கும். கேஜ் சரியாக 155 காட்டி, ஆனால் மெஷின் ஓடும்போது மட்டும் ஹெட் பிரஷர் ஏறுகிறது என்றால் குழாய்களில் படிவு. அல்லது கூலிங் டவரிலிருந்து வரும் தண்ணீரே சூடு. வெப்பமானியால் தண்ணீரைத் தொட்டுப் பார்த்தால் இவற்றில் எது என்பதும் தெரிந்துவிடும். காற்றை வெளியேற்றும் வேலையைப் பயிற்சி பெற்றவர், அமோனியாவைத் தடுக்கும் முகக்கவசத்தோடு, குழாயின் முனையைத் தண்ணீருக்குள் அமிழ்த்திச் செய்ய வேண்டும். அமோனியா விளையாட்டுப் பொருள் அல்ல.

வாங்கும் முன் விற்பவரிடம் 'கட்டிக்கு எத்தனை யூனிட்' என்று மட்டும் கேட்டு நிறுத்திக்கொள்ளாதீர்கள். நிரப்பும் தண்ணீர் எத்தனை டிகிரி, உப்புநீர் எத்தனை, கண்டன்சரில் அமோனியா எத்தனை, அந்த 4 யூனிட்டில் அஜிடேட்டரும் பம்பும் விசிறியும் சேர்ந்திருக்கின்றனவா என்ற நான்கையும் எழுத்தில் வாங்குங்கள். வெப்பமான பகுதிகளில் கட்டி ஐஸுக்கு டன்னுக்கு 55 முதல் 70 யூனிட் என்று பொதுவாகச் சொல்வதுண்டு. பெரிய தொட்டியும் பெரிய கம்பிரசரும் இருக்கும் இடத்தில் அது நடக்கும். 5 டன் ஆலைக்கு ஒருவர் 50 என்று சொன்னால், கம்பிரசரின் மின்சாரத்தை மட்டும், அதுவும் குளிர்ந்த தண்ணீரை வைத்துக் கணக்கிட்டிருக்கிறார் என்று எடுத்துக்கொள்ளலாம். ஆலை போடும்போதே கம்பிரசருக்குத் தனியாக ஒரு மீட்டர் வைத்துவிடுங்கள். தினமும் அந்த அளவையும், மொத்த மீட்டரையும், எடுத்த கட்டிகளின் எண்ணிக்கையையும், இரண்டு கேஜ்களின் அளவையும் ஒரே வரியில் எழுதி வந்தால், கட்டிக்கு 4 என்பது 4.3 ஆகும் வாரத்திலேயே கண்ணில் பட்டுவிடும். 5 ஆகும்வரை காத்திருக்க வேண்டியதில்லை.